பொங்கலுக்குப் பூட்டியிருந்த கேலரி: ஒரு தனிநபர் ஓவியக் கண்காட்சி கேப்ஷனின் நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரியில் சென்னையில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சிக்காக இன்ஸ்டாகிராமில் போட்ட அறிவிப்பு எங்கே பிசகியது, பாதியில் எப்படித் திருத்தப்பட்டது என்பதன் பதிவு இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் கேலரியின் பெயரும் இல்லை. கேப்ஷன்களில் பெயர், முகவரி, எண் வந்த இடங்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளன.

## பின்னணி

ஓவியர் கும்பகோணம் பக்கத்துக்காரர். பல குழுக் கண்காட்சிகளில் பங்கெடுத்தவர், தனிநபர் கண்காட்சி இதுவே முதல். மூன்று மழைக்காலம் காவிரிப் படித்துறைகளில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகளிலிருந்து வரைந்த 22 ஓவியங்கள் தயாராக இருந்தன. அவற்றில் 14 கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 8 காகிதத்தில் நீர்வண்ணம். விலை ரூ.18,000 முதல் ரூ.1,60,000 வரை.

கேலரி, பழைய வீடொன்றின் முதல் மாடியில் இயங்குவது. பொறுப்பாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர், அவ்வளவுதான் ஆட்கள். வழக்கமான நேரம் காலை 11 முதல் மாலை 7 வரை, திங்கட்கிழமை விடுமுறை. விற்பனையில் கேலரியின் பங்கு 35 விழுக்காடு. கண்காட்சி நடக்கும் நாட்களில் எந்த ஓவியத்தை யார் வாங்கினாலும் கேலரி வழியாகத்தான் விற்க வேண்டும், பில்லும் கேலரி பெயரில்தான் போக வேண்டும் என்பது எழுத்தில் இருந்த ஒப்பந்தம்.

தொடக்க விழா ஜனவரி 10 வெள்ளி மாலை 6 மணி. கடைசி நாள் ஜனவரி 25 சனி. இந்தத் தேதிகள் நவம்பரிலேயே முடிவாகி, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. நடுவில் பொங்கல் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் கேலரி திறந்திருக்குமா என்று நவம்பரில் யாரும் கேட்கவில்லை. ஜனவரி 8ஆம் தேதிதான் உதவியாளர் ஊருக்குப் போக விடுப்புக் கேட்டார், பொறுப்பாளரும் போக வேண்டியிருந்தது. 14, 15, 16 மூன்று நாளும் மூடுவதாக வாய்மொழியில் முடிவானது. 13ஆம் தேதி திங்கள், எப்படியும் விடுமுறை. ஆக, தொடக்க விழா முடிந்த மூன்றாம் நாளே தொடர்ந்து நான்கு நாள் கதவு பூட்டு.

இதைக் கூட்டிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஜனவரி 10 முதல் 25 வரை நாட்காட்டியில் 16 நாள். இரண்டு திங்களும் பொங்கலின் மூன்று நாளும் போனால் 11. அந்த 11இலும் முதல் நாள் மாலையில் மட்டும்.

## போட்ட கேப்ஷன்

ஓவியர் தன் சொந்தப் பக்கத்தில் ஜனவரி 7 செவ்வாய் மாலை பதிவிட்டார். ஆறு படங்கள்: ஐந்து ஓவியங்கள், ஆறாவதாக அழைப்பிதழின் படம். கேலரியைக் கூட்டுப் பதிவாளராகச் சேர்த்திருந்ததால் ஒரே பதிவு இரண்டு பக்கங்களிலும் தெரிந்தது. கேப்ஷன் இது:

> மழை நின்ற பிறகும் ஓட்டுச் சந்தில் சொட்டிக்கொண்டே இருக்கும் நீர். படித்துறையில் கடைசிப் படி எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்தி. மூன்று ஆண்டுகளாக என்னோடு இருந்த தண்ணீர் இப்போது சுவருக்கு வருகிறது.
>
> என் முதல் தனிநபர் ஓவியக் கண்காட்சி. ஜனவரி 10 முதல் 25 வரை. அனைவரும் வருக!
>
> விவரங்களுக்கும் விலைக்கும் டிஎம் பண்ணுங்க.

எழுத்து மோசமில்லை. ஓவியத்தைப் பற்றிச் சொன்ன மூன்று வரியும் நன்றாகவே இருக்கின்றன. பிரச்சினை அவை நின்ற இடத்தில். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் முதல் இரண்டு வரி அளவுதான் படத்துக்குக் கீழே தெரியும், மீதியைப் படிக்கத் தட்ட வேண்டும். சுமார் 125 எழுத்துக்குறிகள் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. தமிழில் அது இன்னும் சுருங்கும். புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதே காரணம். "கண்காட்சி" என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறி. ஆகவே தட்டாமல் கடந்துபோன ஒருவருக்குக் கிடைத்தது மழையும் ஓட்டுச் சந்தும் படித்துறையும் மட்டுமே. கண்காட்சி என்ற சொல்லே அவர் கண்ணில் படவில்லை.

தட்டிப் படித்தவருக்கும் இடம் கிடைக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை. அவை ஆறாவது படமான அழைப்பிதழில் இருந்தன. அச்சுக்கு வடிவமைத்த அட்டையை அப்படியே படமாக ஏற்றியதால் முகவரி வரி கைபேசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. படத்துக்குள் இருக்கும் முகவரியை எளிதில் எடுத்து மேப்பில் ஒட்ட முடியாது, பார்வையற்றவரின் கைபேசி அதைச் சரியாக வாசித்துக் காட்டும் என்று நம்பவும் முடியாது. அதற்கென உள்ள மாற்று வாசகக் கட்டத்தை யாரும் நிரப்பியிருக்கவில்லை. அட்டையிலும் "காலை 11 – மாலை 7" என்றுதான் இருந்தது. திங்கள் விடுமுறை என்பது அதிலும் இல்லை.

## கவனித்தவை: ஜனவரி 7 முதல் 16 வரை

தொடக்க விழாவுக்கு முன் பதிவின்கீழ் வந்த கருத்துகளில் வாழ்த்துகளை ஒதுக்கிவிட்டால் 19 கேள்விகள் மிஞ்சின. எட்டுப் பேர் இடத்தைக் கேட்டிருந்தார்கள் ("அக்கா, எங்க இது? சென்னையா கும்பகோணமா?"). ஐந்து பேருக்கு ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று தெரிய வேண்டும். நான்கு பேர் விலை கேட்டார்கள், இரண்டு பேர் நுழைவுக் கட்டணம் உண்டா என்று கேட்டார்கள். பத்தொன்பதும் கேப்ஷன் சொல்லியிருக்க வேண்டிய விஷயங்களே. ஓவியர் ஓவியங்களை மாட்டும் வேலையில் இருந்ததால் பாதிக்குப் பதில் போகவில்லை. விலை கேட்டவர்களுக்கு "டிஎம் பாருங்க" என்று மட்டும் பதில் போனது.

ஜனவரி 10 காலை 11 மணிக்கே சிலர் வந்துவிட்டார்கள். கேப்ஷனில் "ஜனவரி 10 முதல்" என்றிருக்கிறது, அட்டையில் "காலை 11" என்றிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவர்கள் செய்தது சரிதான். உள்ளே ஏணி மேல் ஆள் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார். விழா நேரமும் பார்வை நேரமும் வேறு என்பதை எங்குமே எழுதியிருக்கவில்லை.

விழா மாலையில் கூட்டம் நல்ல கூட்டம். இரண்டு ஓவியங்கள் விற்று, பெயர்ச்சீட்டுக்கு அருகே சிவப்புப் பொட்டு ஒட்டினார்கள். சனி, ஞாயிறும் நன்றாகப் போயின.

பிறகு நான்கு நாள் பூட்டு. பொறுப்பாளரும் உதவியாளரும் ஓவியரும் ஊரில். கேலரிப் பக்கத்தின் ஸ்டோரியில் 13ஆம் தேதி ஒரு விடுமுறைக் குறிப்பு போட்டிருந்தார்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். 16ஆம் தேதி காணும் பொங்கல் அன்று அதைப் பார்த்திருக்க யாருக்கும் வழியில்லை. சென்னையில் குடும்பத்தோடு வெளியே கிளம்பும் நாள் அது, கண்காட்சிக்கு வரக்கூடியவர்கள் வருவதும் அன்றுதான். பக்கத்துக் கட்டடக் காவலாளி "சார், பொங்கலுக்கு மூடியிருக்காங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பியது ஏறத்தாழ இருபது பேரை. அது அவர் பிறகு நினைவிலிருந்து சொன்ன கணக்கு. எழுதி வைத்ததல்ல.

## ஏழாம் எண் ஓவியம்

வந்து திரும்பியவர்களைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இதே நாட்களில் யாருக்கும் தெரியாமல் உருவாகிக்கொண்டிருந்தது.

ஏழாம் எண், 3 அடிக்கு 4 அடி, எண்ணெய் வண்ணம், ரூ.95,000. ஜனவரி 12 ஞாயிறு மாலை ஒருவர் கேலரிக்கு வந்து பார்த்து, பொங்கல் முடிந்து பணத்தோடு வருகிறேன், எடுத்து வையுங்கள் என்று பொறுப்பாளரிடம் சொன்னார். பொறுப்பாளர் சரி என்றார். முன்பணம் வாங்கவில்லை. சீட்டில் பொட்டு ஒட்டவில்லை. குறிப்பேட்டில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதினார்.

மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், கேப்ஷன் சொன்னபடியே, ஓவியருக்கு டிஎம் அனுப்பினார். அவர் ஏற்கெனவே ஓவியரைப் பின்தொடர்பவர் என்பதோடு ஓவியரும் அவரைப் பின்தொடர்ந்ததால் செய்தி நேரே முதன்மைப் பெட்டிக்கு வந்தது. ஊரில் இருந்த ஓவியர் உடனே பார்த்தார். குறிப்பேடு சென்னையில் பூட்டிய அறைக்குள். "இருக்குங்க, உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்று பதில் எழுதினார். 14ஆம் தேதி அந்த அன்பர் ரூ.20,000 முன்பணத்தை யுபிஐயில் ஓவியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டார்.

17 வெள்ளி காலை கேலரி திறந்ததும் ஞாயிறன்று வந்தவர் பணத்தோடு நின்றார். ஓவியர் அப்போதுதான் தொலைபேசியில் முன்பணம் வந்த செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் தங்களுக்குச் சொன்ன முறைப்படியே நடந்தவர்கள். தவறு, கேட்பதற்கு இரண்டு வழி வைத்துவிட்டு இரண்டையும் இணைக்கும் பட்டியல் ஒன்று வைக்காததில். அதோடு ஒப்பந்தத்துக்குப் புறம்பாக ஓவியரின் கணக்குக்குப் பணம் போனது இன்னொரு முடிச்சு. பில் கேலரி பெயரில், பணம் வேறு பெயரில் என்றால் வரிக்கணக்கில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இதே நாளில்தான் ஓவியர் தன் டிஎம்மில் கோரிக்கைகள் பகுதியைத் திறந்து பார்த்தார். அவர் பின்தொடராதவர்கள் அனுப்பும் செய்திகள் அங்கே போய் உட்காரும். முதன்மைப் பெட்டியை மட்டும் பார்ப்பவருக்கு அவை வந்ததே தெரியாமல் போகலாம். பதினொரு செய்திகள் இருந்தன, மிகப் பழையது ஜனவரி 8. ஓவியரை அதுவரை அறியாத, முதன்முறையாக ஓவியம் வாங்க நினைக்கும் ஆட்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான் இருப்பார்கள். "டிஎம் பண்ணுங்க" என்ற வரி, தெரிந்தவர்களை முன்பெட்டிக்கும் புதியவர்களைப் பின்பெட்டிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்: ஜனவரி 17

முதலில் ஏழாம் எண். நேரத்தால் முந்தியவருக்கே என்று முடிவு. ஞாயிறு மாலைக் குறிப்பு எழுத்தில் இருந்தது, திங்கள் டிஎம் அதற்குப் பிந்தியது. முன்பணம் கொடுத்தவருக்கே கொடுக்கலாம் என்ற வாதமும் வந்தது. ஆனால் முன்பணம் கட்டாயம் என்று யாரும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை, இல்லாத விதியைப் பின்தேதியிட்டுப் புகுத்த முடியாது. கோயம்புத்தூர்க்காரருக்கு ஓவியரே தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி, ரூ.20,000ஐ ஒரு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பினார். அதே அளவில் வேறொரு ஓவியத்தைக் காட்டலாமா என்று கேட்டார். அவர் மரியாதையாக மறுத்துவிட்டார்.

அடுத்து, பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா, கேப்ஷனைத் திருத்துவதா? திருத்துவதே என்று தீர்மானித்தார்கள். நீக்கினால் மற்றவர்கள் தங்கள் ஸ்டோரியிலும் செய்தியிலும் பகிர்ந்த இணைப்புகள் செத்துவிடும், 19 கேள்விகளுக்கும் பதில் சொல்ல இருக்கும் இடமும் போய்விடும். கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஏற்றிய படத்துக்குப் பதில் வேறு படம் வைக்க முடியாது, ஆனால் தொகுப்பிலிருந்து ஒரு படத்தை நீக்கலாம். ஆறாவது படமான அட்டை முழுமையற்ற நேரத்தைக் காட்டியதால் அதை நீக்கினார்கள்.

இங்கே ஒரு தாமதம். கூட்டுப் பதிவில் கேப்ஷனைத் திருத்தும் உரிமை முதலில் பதிவிட்டவருக்கு மட்டுமே உண்டு. கேலரிப் பொறுப்பாளர் தன் பக்கத்தில் அந்தப் பதிவைப் பார்க்கலாமே தவிர ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பொங்கலுக்கு முன்பே அவர் விடுமுறை வரியைச் சேர்க்க முயன்று, முடியாமல்தான் ஸ்டோரியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். வாசகத்தை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்ப, ஓவியர் அதை ஒட்டினார்.

விலையைக் கேப்ஷனில் போடுவதா என்பதில்தான் நீண்ட பேச்சு. ஓவியருக்குத் தயக்கம், விலையைப் பார்த்ததுமே ஆட்கள் ஓடிவிடுவார்களோ என்று. பொறுப்பாளரின் தயக்கம் வேறு. ஒவ்வோர் ஓவியத்தின் விலையும் பொதுவெளியில் நின்றுவிட்டால் அடுத்த கண்காட்சியில் விலையை உயர்த்தும்போது பழைய பதிவைக் காட்டிப் பேரம் பேசுவார்கள். ஒன்றுமே போடாவிட்டாலோ, ரூ.20,000 கையில் வைத்திருப்பவர் இதெல்லாம் நமக்கு எட்டாது என்று கேட்காமலே போய்விடுவார். கடைசியில் கீழ்எல்லை, மேல்எல்லை இரண்டை மட்டும் கேப்ஷனில் போடுவது, தனித்தனி விலையைக் கேட்டவருக்கு அனுப்பும் பட்டியலில் மட்டும் தருவது என்று ஒப்புக்கொண்டார்கள். நடுத்தர வழிதான், ஆனால் எட்டு நீர்வண்ணங்கள் ரூ.30,000க்குள் இருந்த இந்தக் கண்காட்சிக்கு அது பொருத்தமான வழி.

ஜிஎஸ்டி தனி என்ற சொல்லும் சேர்ந்தது. விழாவன்று வாங்கியவர்களில் ஒருவர் பில்லைப் பார்த்து முகம் சுளித்திருந்தார். அப்போது கையால் வரைந்த ஓவியங்களுக்கு வரி 12 விழுக்காடு, ரூ.95,000 ஓவியம் பில்லில் ரூ.1,06,400 ஆகும். (2025 செப்டம்பர் 22 முதல் இது 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அதே ஓவியம் இன்று ரூ.99,750. பழைய கேப்ஷனை எடுத்து மறுபடி பயன்படுத்துகிறவர்கள் வரி விகிதத்தை எண்ணாக எழுதியிருந்தால் பார்த்து மாற்ற வேண்டும்.)

விசாரிக்கும் வழி ஒன்றே ஒன்று: கேலரியின் வாட்ஸ்அப் எண். அதைப் பார்ப்பது பொறுப்பாளர் ஒருவரே. ஓவியருக்கு டிஎம் வந்தால் சேமித்து வைத்த ஒரே பதிலை அனுப்ப வேண்டும்: "நன்றி. ஓவியங்களின் விலையும் முன்பதிவும் கேலரி வழியாக மட்டும். இந்த எண்ணுக்கு ஓவிய எண்ணை அனுப்பினால் இன்றே பதில் வரும்." ஓவியம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஓவியர் எந்த நிலையிலும் பதில் சொல்வதில்லை.

எடுத்து வைப்பதற்கும் விதி வகுத்தார்கள். விலையில் 25 விழுக்காட்டைக் கேலரிக் கணக்கில் செலுத்தினால்தான் எடுத்து வைப்பது. பணம் வந்ததும் சீட்டில் பாதிப் பொட்டு, மீதி வந்ததும் முழுப் பொட்டு. மேசையில் ஒரே தாள். அதில் ஓவிய எண், கேட்டவர், கேட்ட நாளும் மணியும், முன்பணம், மீதிக்குக் கெடு.

## திருத்திய கேப்ஷன்

> [ஓவியர்] தனிநபர் ஓவியக் கண்காட்சி
> ஜன. 25 சனி வரை, @[கேலரி], [பகுதி], சென்னை
>
> நேரம்
> செவ்வாய் முதல் ஞாயிறு வரை: காலை 11 – மாலை 7
> ஜன. 20 திங்கள்: விடுமுறை
> கடைசி நாள், ஜன. 25 சனி: மாலை 5 வரை மட்டும்
> அனுமதி இலவசம்.
>
> இடம்
> [கதவு எண், தெரு], [அடையாளம்] எதிரில். முதல் மாடி, லிஃப்ட் இல்லை.
>
> ஓவியம் வாங்க
> 22 ஓவியங்கள், ரூ.18,000 முதல் ரூ.1,60,000 வரை. ஜிஎஸ்டி தனி.
> கேலரி வாட்ஸ்அப் [எண்]: "பட்டியல்" என்று அனுப்புங்கள், படங்களும் விலையும் வரும். குறிப்பிட்ட ஓவியம் என்றால் அதன் எண்ணையும் உங்கள் ஊரையும் எழுதுங்கள்.
> கேலரி திறந்திருக்கும் நேரத்தில் பதில் வரும். டிஎம்மில் விற்பனையும் முன்பதிவும் இல்லை.
>
> மழை நின்ற பிறகும் ஓட்டுச் சந்தில் சொட்டிக்கொண்டே இருக்கும் நீர்...

கவிதை வரிகள் போகவில்லை, கடைசிக்கு நகர்ந்தன. ஓவியருக்கு அதில் மனவருத்தம் இருந்தது, அது நியாயமும்கூட.

தேதியோடு கிழமையையும் எழுதியது வேண்டுமென்றே. இரண்டையும் சேர்த்து எழுதும்போது எழுதுகிறவரே நாட்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கிறது, தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். "இன்று", "இந்த ஞாயிறு" போன்ற சொற்களை விலக்கினார்கள், பதிவு யாருக்கு எந்த நாளில் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. கடைசி நாள் 5 மணி என்றது, அன்றே ஓவியங்களை இறக்கிக் கட்ட வேண்டியிருந்ததால். அதைச் சொல்லாமல் விட்டால் ஆறரைக்கு வருகிறவர் வெறும் ஆணிகளைத்தான் பார்ப்பார்.

ஊரைக் கேட்டதற்குக் காரணம் அனுப்பும் செலவு. எண்ணெய் வண்ணம் தடிப்பாகப் பூசிய கேன்வாஸ் முழுதாக உலர மாதங்கள் ஆகும், அதைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டக் கூடாது. மரப்பெட்டி கட்டியே அனுப்ப வேண்டும். நீர்வண்ணமோ கண்ணாடி இல்லாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாகப் போய்விடும். ஊர் தெரிந்தால் முதல் பதிலிலேயே செலவைச் சொல்லிவிடலாம்.

எண்ணைப் பொறுத்தவரை ஒரு சிறு தடை இருந்தது. இன்ஸ்டாகிராம் செயலியில் கேப்ஷனைத் தொட்டு நகலெடுக்க வராது, அதில் ஒட்டும் இணைப்பும் திறக்காது. தட்டினால் ஒருவர் பக்கத்தைத் திறப்பது @ போட்ட பெயர்தான். அதனால் கேலரிப் பக்கத்தின் முகப்புக் குறிப்பில் வாட்ஸ்அப் இணைப்பை வைத்தார்கள். கேப்ஷனில் பக்கப் பெயரைத் தட்டினால் கேலரி முகப்பு, அங்கே தட்டினால் வாட்ஸ்அப். இரண்டே தட்டு.

கேட்டவருக்குப் போன பட்டியலில் ஒவ்வோர் ஓவியத்துக்கும் எண், தலைப்பு, ஊடகம், உயரமும் அகலமும், ஆண்டு, சட்டம் உண்டா, விலை ஆகியவை இருந்தன. அளவு சட்டமில்லாமல் எடுத்தது என்று மேலே ஒரு வரி. விற்றவை எவை என்பதைக் கேப்ஷனில் எழுதாமல் இந்தப் பட்டியலில் மட்டும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். கேப்ஷனை அன்றாடம் திருத்துவது இரண்டாம் நாளே மறந்துபோகும் வேலை.

## பிறகு நடந்தவை

கேப்ஷன் 17 மாலை மாறியது. பழைய 19 கேள்விகளுக்கும் தனித்தனியே பதில் போட்டார்கள். 25 வரை புதிதாக வந்த கேள்விகள் மூன்று. மூன்றும் கார் நிறுத்த இடம் உண்டா என்பதே. அதைக் கேப்ஷனில் யாரும் நினைத்திருக்கவில்லை, 19ஆம் தேதி ஒரு வரி சேர்ந்தது.

ஏழாம் எண் 17ஆம் தேதியே முழுத் தொகைக்கு விற்றது. 18 முதல் 25 வரை மேலும் நான்கு ஓவியங்கள் போயின, அவற்றில் இரண்டு வாட்ஸ்அப் பட்டியல் வழியாக. இரண்டில் ஒன்று, கோரிக்கைப் பெட்டியில் ஜனவரி 8 முதல் காத்திருந்தவருடையது. அந்தப் பதினொரு பேருக்கும் எழுதியதில் மூன்று பேர் மட்டுமே திரும்பப் பேசினார்கள். மீதி எட்டுப் பேரில் எத்தனை பேர் உண்மையில் வாங்கியிருப்பார்கள் என்று கணக்கிட வழியில்லை.

மொத்தம் 22இல் 7 விற்பனை. கேப்ஷனைத் திருத்தியதால்தான் கடைசி வாரம் நன்றாகப் போனது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. விடுமுறை முடிந்து ஊர் திரும்பியிருந்தது, கடைசி வாரம் எந்தக் கண்காட்சிக்கும் கூட்டம் கூடும். உறுதியாகச் சொல்லக்கூடியது, 17க்குப் பிறகு பூட்டிய கதவின்முன் யாரும் நிற்கவில்லை, ஒரே ஓவியம் இருவருக்குச் சொல்லப்படவில்லை என்பது மட்டும்.

## அடுத்த முறைக்கு மாற்றியவை

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் கண்காட்சியின் ஒவ்வொரு நாளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே "திறப்பு" அல்லது "மூடல்" என்று குறிப்பது இப்போது அந்தக் கேலரியில் வழக்கம். பதினாறு வரி எழுதப் பத்து நிமிடம் ஆகாது. சென்னையில் ஜனவரியில் கண்காட்சி வைத்தால் பொங்கலும், அக்டோபர், நவம்பரில் வைத்தால் தீபாவளியும் அந்தத் தாளில் தானாக வந்து நிற்கும். காணும் பொங்கலன்று மட்டுமாவது யாரையாவது வைத்துத் திறக்கலாமா என்ற கேள்வியும் அப்போதுதான் எழும். தேதி முடிவாகி அழைப்பிதழ் அச்சான பின் எழுந்து பயனில்லை.

பதிவிடுவது கேலரிப் பக்கம், கூட்டாகச் சேர்வது ஓவியர் என்று வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். பதிவு இரண்டு பக்கத்திலும் தெரிவதில் மாற்றமில்லை, திருத்தும் உரிமை மட்டும் மேசையில் இருப்பவர் கைக்கு வருகிறது. ஓவியர் தன் கவிதை வரிகளோடு தனியாக இன்னொரு பதிவு போட்டுக்கொள்ளலாம். அதில் நேரமும் விலையும் வேண்டாம்.

தொடக்க விழாவுக்கு ஒரு பதிவு, பார்வை நாட்களுக்கு வேறொரு பதிவு. விழாப் பதிவில் ஒரு நாள், ஒரு மணி. விழா முடிந்த இரவே பார்வை நாள் பதிவைப் பக்கத்தின் மேலே குத்தி நிறுத்திவிடுகிறார்கள். அட்டைப் படத்தைச் சேர்த்தால் அதில் உள்ள அத்தனையையும் மாற்று வாசகத்தில் தட்டச்சு செய்கிறார்கள்.

இன்னொன்று, இந்தக் கண்காட்சி முடிந்த பின்னரே தெரிந்தது. பிப்ரவரி 2 ஞாயிறு ஒருவர் வேலூரிலிருந்து வந்து, வேறொருவரின் ஓவியங்கள் தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கைபேசியை நீட்டினார். திரையில் பழைய பதிவு. "ஜன. 25 சனி வரை" என்றுதான் இருந்தது, ஆனால் நண்பர் அனுப்பிய படத்தில் ஓவியத்தை மட்டும் பார்த்துக் கிளம்பியிருக்கிறார். அன்று மாலையே முதல் வரி "நிறைவடைந்தது" என்று மாறியது. மீதமிருந்த 15 ஓவியங்களை எந்த எண்ணில் கேட்கலாம் என்பது இரண்டாம் வரி.